தாளம் பாட்டுக்குள், ராகம் ஓரத்தில்: திருப்புகழ்ப் பதிப்புகளின் குறிப்புகளை வாசித்தல்

கேள்வி

எடிசனிலும் ஃப்ரீமான்ட்டிலும் ஹூஸ்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பூஜை அலமாரிகளில் திருப்புகழ்ப் புத்தகம் ஒன்று இருப்பது வழக்கம். பெரும்பாலும் அது ஊரிலிருந்து பெட்டியில் வந்தது; அம்மாவோ பெரியம்மாவோ பாட்டு வகுப்பில் வைத்துப் பாடியது. அப்படிப்பட்ட பிரதியைத் திறந்தால் பாடலுக்கு மேலே ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்பதுபோல ஒரு வரி அச்சாகியிருக்கும். பக்க ஓரத்திலோ பென்சிலில் ‘கௌளை, திரிபுடை’ என்றோ ‘செஞ்., ஆதி’ என்றோ யாரோ எழுதியிருப்பார்கள். அச்சிட்டவரின் குறிப்பு ஒன்று, பாடியவரின் குறிப்பு ஒன்று. 15ஆம் நூற்றாண்டுப் பாடல் எந்த ராகத்தில், எந்தத் தாளத்தில் பாடப்பட்டிருக்கும் என்று அறிய இவ்விரண்டும் எவ்வளவு தூரம் உதவும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி.

பாடுகிறவர்களிடையே நிலவும் பொதுவான எண்ணம், ராகமும் தாளமும் ஒரே இடத்தில் ஒரே கையால் எழுதப்படுவதால் இரண்டும் ஒரே தரமான சான்று என்பது. நான் அப்படிக் கருதவில்லை. தாளக் குறிப்பைப் பாட்டைக் கொண்டே சோதித்து, சரியா தவறா என்று சொல்ல முடியும். ராகக் குறிப்பை அவ்வாறு சோதிக்க வழியில்லை. அது எந்தக் காலத்தில், யார் வழியாக வந்தது என்று மட்டுமே விசாரிக்க முடியும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே மூச்சில் ‘மூல மெட்டு’ என்று ஏற்பதால் பல குழப்பங்கள் விளைகின்றன.

பிற நூல்களின் நிலை

தமிழ்ப் பதிப்பு மரபில் இசைக் குறிப்பு புதியதன்று. உ.வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்த பரிபாடலில், பல பாடல்களின் கீழே பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் இருக்கின்றன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்கள் வகைப்பட்டிருக்கின்றன. கண்ணாகனார், நன்னாகனார் போன்றோர் இசை வகுத்தவர்களாகக் குறிக்கப்படுகின்றனர். ஆனால் தாளம் பற்றி அந்த அடிக்குறிப்புகள் பேசுவதில்லை. பண் பெயர் கிடைத்தும் அதன் ஒலி உருவம் நமக்குக் கிடைக்கவில்லை.

தேவாரத்தில் நிலைமை சற்று மேல். பதிகத் தலைப்பில் பண் அச்சாகிறது. ஓதுவார் மரபு அறுபடாமல் வந்திருப்பதால் தக்கேசியைக் காம்போதியாகவும் கௌசிகத்தைப் பைரவியாகவும் மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும் பாடும் வழக்கம் நிலைபெற்றிருக்கிறது. சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் 1949 முதல் இத்தகைய இணைகளை ஓதுவார்களைப் பாடச் செய்து விவாதித்தன. அங்கே பண் பெயர் பழைய சான்று, ராகப் பெயர் அதற்கு வழக்கு தந்த விளக்கம் என்ற பிரிவினை தெளிவாக இருந்தது.

திருப்புகழ் இதற்கு நேர்மாறானது. அருணகிரிநாதர் ஒரு பாடலில் பிரபுடதேவ மன்னரைக் குறிப்பிடுவதைக் கொண்டு, இரண்டாம் தேவராயர் ஆண்ட 1424–1446 காலத்தை ஒட்டி அவர் வாழ்ந்ததாகக் கருதுகிறார்கள். அவர் பாடல்களுக்குப் பண் அடைவு எதுவும் வந்து சேரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சுவடி தேடி அச்சேற்றியபோதும், அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை பின்னர் உரை எழுதியபோதும் காப்பாற்றப்பட்டவை பாடலும் தலமும் சந்தமும்தான். ராகம் அவர்களுக்குக் கிடைத்த சுவடிச் செல்வத்தில் இல்லை. பரிபாடலில் பண் இருக்கிறது, தாளம் இல்லை. திருப்புகழில் தாளத்துக்கான தடயம் ஒவ்வொரு அடியிலும் இருக்கிறது, ராகம் இல்லை.

சந்தக் குழிப்பிலிருந்து மாத்திரை

பாடலின் மேலே அச்சாகும் ‘தத்தத்தன’ வரிக்குச் சந்தக் குழிப்பு என்று பெயர். பாடலின் சொற்களை நீக்கி, குறில், நெடில், ஒற்று ஆகியவற்றின் இருப்பை மட்டும் தகர, னகர எழுத்துகளால் காட்டும் அச்சு அது. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) தம் ‘வண்ணத்தியல்பு’ நூலில் தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்ற எட்டு அடிப்படைச் சந்தங்களையும், அவை நெடிலில் முடியும் வடிவங்களையும் சேர்த்துப் பதினாறாக வகுத்தார். தத்தவும் தந்தவும் அளவில் ஒன்றுதான். ஒன்றில் வல்லொற்று, மற்றொன்றில் மெல்லொற்று. அளவையும் ஓசையின் தன்மையையும் ஒருசேரக் காக்கும் ஏற்பாடு இது.

கணக்கு எளிது. தனிக் குறில் ஒரு மாத்திரை. நெடில் இரண்டு. குறிலை அடுத்து ஒற்று வந்தால் இரண்டும் சேர்ந்து இரண்டு. சொல் இறுதியில் வரும் ஐகாரம் குறுகி ஒன்றாகவே நிற்கும். நெடிலை அடுத்து ஒற்று வரும் ‘தாத்’, ‘தாந்’ ஆகியவற்றில்தான் தடுமாற்றம்: யாப்புக்கு அது ஓர் அசை, பாடும்போது இரண்டாகவும் நிற்கும், மூன்றாகவும் நீளும். அத்தகைய பாடல்களில் கணக்கை இறுதியானதாகக் கொள்ளக் கூடாது. நான் இங்கே எடுத்துக்கொள்ளும் பாடல்களில் அந்தச் சிக்கல் இல்லை.

முத்தைத்தரு: ஒரு சோதனை

‘முத்தைத்தரு’ என்று தொடங்கும் பாடலின் குழிப்பு ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்பது மூன்று முறை வந்து, கடைசியில் ‘தனதான’ என்ற தொங்கலோடு முடிவது. முதல் சீரில் தத் இரண்டு, மீண்டும் தத் இரண்டு, தன இரண்டு, ஆக 6. இரண்டாவது சீர் தத்தத், 4. மூன்றாவது தனதன, அதுவும் 4. மொத்தம் 14.

தட்டுக்கு இரண்டு மாத்திரை என்று வைத்தால் 6+4+4 என்பது 3+2+2 ஆகிறது. திஸ்ர ஜாதித் திரிபுடையின் உறுப்புகள் இவையே: மூன்று எண்ணிக்கை கொண்ட லகு, பிறகு இரண்டு துருதம். சீர் முடியும் ஒவ்வோர் இடத்திலும் தாள உறுப்பும் முடிகிறது. ஓரத்தில் பென்சிலில் ‘திரிபுடை’ என்று எழுதியவர் பாட்டின் எலும்புக்கூட்டைச் சரியாகப் பிடித்திருக்கிறார். பழைய வழக்கில் ஜாதி சொல்லாமல் திரிபுடை என்றால் ஏழு எண்ணிக்கை கொண்ட திஸ்ரத் திரிபுடைதான். இன்று ஆதி என்று அழைக்கும் சதுஸ்ர ஜாதியை யாரும் அப்படி எழுதுவதில்லை. எனவே அந்தக் குறிப்பில் ஐயமில்லை.

வேறு பிரதிகளில் இதே பாடலுக்கு ‘சாபு’ என்ற குறிப்பைப் பார்க்கலாம். அடைமொழி இல்லாத சாபு பெரும்பாலும் மிச்ர சாபுவே. அதுவும் ஏழு, 3+4 என்று பிரிவது. இது தவறா? இரண்டு விதமாகப் போட்டுப் பார்க்கலாம். ஏழு மாத்திரைக்கு ஒரு சாபு என்று வைத்தால், முதல் ஆவர்த்தனம் தத்தத்தன என்ற ஆறையும் அடுத்த ‘தத்’தின் முதல் பாதியையும் கொண்டு முடியும். வல்லொற்றில் அடைபடும் ஓர் அசை நடுவே பிளக்கிறது. ஒலி நின்றுபோன இடத்தில் புதிய ஆவர்த்தனத்தின் சமம் விழ வேண்டும். பாடிப் பார்த்தாலே இடறும். பதினான்கு மாத்திரைக்கு ஒரு சாபு என்று வைத்தால் 6+8, அதாவது 3+4. இது பொருந்துகிறது. ஆகவே சந்தம் உறுதியாகச் சொல்வது, ஏழின் அடுக்கு, அதில் மூன்றுக்குப் பின் ஒரு வெட்டு என்பதையே. அதைத் திரிபுடையாகக் கையில் எண்ணுவதா, நிதானமான சாபுவாகத் தட்டுவதா என்பது பாடுபவரின் தேர்வு. நான் திரிபுடையின் பக்கம் சாய்கிறேன். நான்கை மேலும் 2+2 ஆகப் பிரிக்கும் சீர் எல்லையை அதன் இரண்டு துருதங்களும் காட்டுகின்றன. சாபு அதைக் காட்டாமல் விடுகிறது.

தொங்கலிலிருந்து தாளத்தைக் கண்டுபிடிக்க முயல்வது வீண். தனதான என்பதில் உள்ளது ஐந்து மாத்திரை. அது ஓர் ஆவர்த்தனத்தை நிரப்ப எஞ்சிய ஒன்பதை நீட்டியோ இடைவெளி விட்டோ தள்ள வேண்டும். எந்தத் தாளத்துக்கும் அப்படி நீட்டிக்கொள்ளலாம். அதனாலேயே அது எதற்கும் சான்றாகாது.

ஓர் எழுத்து விடுபட்டால்

இந்த முறை எங்கே ஏமாற்றும் என்பதையும் இதே பாடலில் பார்க்கலாம். மலிவுப் பதிப்புகளும் அமெரிக்க வகுப்புகளில் ஒளிநகலாகச் சுற்றும் தாள்களும் வாசிப்பு எளிமைக்காகச் சொல்லுக்கு இடையே மிகும் வல்லொற்றை அடிக்கடி விட்டுவிடுகின்றன. உரைநடையில் அது சிறு பிழை. சந்தப் பாடலில் ஒரு மாத்திரை பறிபோகிறது. இரண்டாவது சீரின் இறுதி ‘த்’ விடுபட்டால் தத்தத் என்பது தத்த ஆகி, 4 என்பது 3 ஆகும். மொத்தம் 6+3+4, பதின்மூன்று.

பதின்மூன்று என்று வந்தவுடன் கணக்கு தவறு என்று சந்தேகம் எழும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் முப்பத்தைந்து தாள அட்டவணையைக் கையில் வைத்திருப்பவருக்கு அப்படித் தோன்றாது. சங்கீர்ண ஜாதித் திரிபுடை 9+2+2, அதாவது பதின்மூன்று. நம் பிழையான வரியில் முதல் இரண்டு சீர்கள் 6+3, சரியாக ஒன்பது. எஞ்சிய தனதன 2+2. உறுப்புக்கு உறுப்பு பொருந்திவிடுகிறது. அச்சுப் பிழையிலிருந்து ஓர் அபூர்வத் தாளம் பிறக்கிறது. ஏழு தாளங்களை ஐந்து ஜாதிகளால் பெருக்கி, அதன்மேல் நடை வேறுபாட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய எந்த எண்ணுக்கும் ஏதோ ஒரு தாளம் கிடைத்துவிடும். எனவே ‘கணக்கு பொருந்துகிறது’ என்பதை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது.

பிழையைக் காட்டிக்கொடுப்பது பாடலின் திரும்பவரும் தன்மை. எட்டு வரியாக அச்சாகும் இப்பாடலில், தொங்கல் நீங்கலாக, இதே மூன்று சீர்த் தொகுதி வரிக்கு மூன்றாக 24 முறை வருகிறது. ஓரிடத்தில் சந்தேகம் வந்தால் மற்ற இடங்களில் இரண்டாவது சீரைப் பார்க்க வேண்டும். அவற்றில் சிலவற்றில் அந்த ஒற்று, சொற்களுக்கு நடுவே மிகும் சந்தியாக இல்லை. ‘-த்து’ என்று முடியும் சொல் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோடு புணர்ந்து நிற்கும் இடங்கள் அவை. அங்கே ‘த்’ சொல்லின் உறுப்பு. எந்த அச்சகமும் அதைக் கழித்துவிட முடியாது. அத்தகைய ஓர் இடம் கிடைத்தாலே நான்கு மாத்திரை உறுதியாகிவிடும். மற்ற இடங்களில் விடுபட்டது எழுத்து என்பதும் விளங்கும். எத்தனை வரிகள் எந்தப் பக்கம் வாக்களிக்கின்றன என்று எண்ணுவதைவிட, கெட முடியாத இடம் எது என்று தேடுவது நல்ல வழி.

பதினாறு என்றால் ஆதிதானா

எல்லாப் பாடலும் முத்தைத்தரு போல ஒத்துழைப்பதில்லை. ‘கைத்தல நிறைகனி’ பாடலின் ‘தத்தன தனதன’ 4+4 என்று சீராக ஓடுகிறது. அதற்கு ஆதி என்று எழுதினால் விவாதமே இல்லை. ‘நாத விந்து’ எனத் தொடங்கும் பாடலின் குழிப்பு ‘தான தந்தன தானா தனாதன’. மாத்திரை 3+4+4+5, கூட்டினால் 16. பரவலாகச் செஞ்சுருட்டியில் ஆதி தாளத்தில் பாடுகிறார்கள். பிரதிகளின் ஓரத்திலும் அப்படியே இருக்கும்.

ஆனால் ஆதியின் லகு எட்டாவது மாத்திரையில் முடிகிறது. பாட்டின் சீர்கள் ஏழிலும் பதினொன்றிலும் முடிகின்றன. லகுவின் முடிவு ‘தானா’வின் முதல் நெடிலுக்கு நடுவே விழுகிறது. இங்கே முன்போல இடறல் இல்லை என்பது உண்மை. நெடிலின் ஓசை நீண்டுகொண்டே இருப்பதால் தட்டு அதன் மேல் விழலாம். பாடுவதற்கு இதமாகவே இருக்கிறது. அதனால் ஆதி இங்கே செல்லுபடியாகும் ஒரு தேர்வு. மூல அமைப்பு அதுவே என்று சொல்லத்தான் சான்று போதாது.

திருப்புகழ் வகுப்புகளில் வேறொரு குறிப்புமுறை உண்டு. ‘தகிட 1½, தகதிமி 2, தகதிமி 2, தகதகிட 2½’ என்று சீர்களின் நீளத்தையே தாளத்தின் உறுப்புகளாக வைத்து அங்க தாளம் என்று எழுதுவார்கள். கூட்டினால் எட்டு எண்ணிக்கை, ஆதியின் நீளமேதான். ஆனால் தட்டு ஒவ்வொரு சீரின் தலையிலும் விழுகிறது. என் கருத்தில் ஓரக்குறிப்புகளில் மிக மதிப்புள்ளவை இந்தப் பின்ன எண்கள். ‘ஆதி’ என்ற சொல் கச்சேரி மேடையின் வசதியைச் சொல்லக்கூடும். 1½ என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர் சந்தத்தை எண்ணிப் பார்த்தவர்.

ராகக் குறிப்பின் வயது

ராகத்துக்கு வரும்போது இந்தக் கருவிகள் எதுவும் கை கொடுப்பதில்லை. தத்தத்தன என்ற ஓசை கௌளையில் ஒலித்ததா, நாட்டையில் ஒலித்ததா என்பதற்கு எழுத்தில் தடயம் இல்லை. வல்லொற்று மிகுந்த பாடலுக்கு விறுவிறுப்பான ராகம் தகும் என்பது ரசனை, சான்று அன்று. மெட்டமைப்பவருக்கு அந்த ரசனை வேண்டும். அதை வரலாறாக எழுத முடியாது.

அருணகிரிநாதரின் காலத்தில் எந்த ராகப் பெயர்கள் வழங்கின என்பதற்கு அவர் பாட்டிலேயே சிறு வெளிச்சம் உண்டு. பூதவேதாள வகுப்பில் லலிதை, கௌளி, மலகரி, பௌளி முதலான பெயர்களை அடுக்குகிறார். இதைக் கொண்டு ‘கௌளை என்ற ஓரக்குறிப்பு பழமையானது’ என்று வாதிடத் தோன்றும். அங்கே ஒரு தாவல் இருக்கிறது. அந்த ராகப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது என்பது ஒன்று. முத்தைத்தரு பாடலை அவர் அதில் பாடினார் என்பது முற்றிலும் வேறு. ராகத்தின் வயது மெட்டின் வயது ஆகாது. 15ஆம் நூற்றாண்டின் கௌளிக்கும் இன்றைய கௌளைக்கும் இடையே சுர வடிவம் மாறாமல் வந்தது என்பதையும் தனியே நிறுவ வேண்டும்.

எதிர்த் திசையில் செல்லும் வாதம் சற்று உறுதியானது. இதே பாடலின் ஓரத்தில் ‘சண்முகப்ரியா’ என்ற குறிப்பு இருந்தால் அது ஏறக்குறைய தன் தேதியைத் தானே சொல்கிறது. 72 மேளகர்த்தா ஏற்பாட்டுக்கு அடித்தளமிட்ட வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். 56ஆவது மேளத்துக்கு தீட்சிதர் மரபில் வழங்கும் பெயர் சாமரம். சண்முகப்ரியா என்ற பெயர் மற்றொரு மரபின் வழியாகப் பின்னர் பரவியது. இந்தப் பாடலை அந்த ராகத்தில் தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொண்டுசேர்த்தது 1964இல் டி.எம். சௌந்தரராஜன் நடித்துப் பாடிய ‘அருணகிரிநாதர்’ திரைப்படம். ஆகவே அந்தக் குறிப்பு பெரும்பாலும் 1964க்குப் பிந்தையது என்று கொள்வதே பொருத்தம். குறிப்பின் காலத்துக்கு மேல்வரம்பு, கீழ்வரம்பு என்று இப்படிக் குறுக்கிக்கொண்டே போகலாம். புத்தகம் அச்சான ஆண்டுக்கு முன் குறிப்பு எழுதப்பட்டிருக்க முடியாது. ஒரே கையெழுத்தில் உள்ள மற்ற பாடல்களின் ராகங்கள் ஒரே ஆசிரியரின் பாடத்தோடு ஒத்துப்போனால் எழுதியவரின் குருவழி தெரிந்துவிடும்.

20ஆம் நூற்றாண்டில் அப்படிப் பல குருவழிகள் இருந்தன. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) லயக் கட்டோடு திருப்புகழைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் திருப்புகழ் பாடுவதை வழிபாடாகவே பரப்பினார். டெல்லியில் ஏ.எஸ். ராகவன் வளர்த்த திருப்புகழ் அன்பர்கள் மரபு, பாடலுக்கு ராகமும் தாளமும் நிர்ணயித்துக் கூட்டாகப் பாடும் முறையை நிறுவிக் கடல் கடந்தும் பரவியது. ஓர் ஓரக்குறிப்பில் உள்ள ராகம் இவற்றில் எந்த ஓடையிலிருந்து வந்தது என்று கண்டால், அது 20ஆம் நூற்றாண்டு இசை வரலாற்றுக்கு முதல்தரச் சான்று. 15ஆம் நூற்றாண்டுக்குச் சான்று என்று நீட்டும்போதுதான் அது உடைகிறது.

அமெரிக்கப் பிரதிகள்

இந்த ஆய்வுக்கு அமெரிக்கா எதிர்பாராத வகையில் வசதியான இடம். பொதுச் சட்டம் 480 ஏற்பாட்டின் கீழ் 1962 முதல் இந்திய நூல்கள் அமெரிக்க நூலகங்களுக்கு வந்துசேர்ந்தன. பெர்க்லி, ஆஸ்டின் போன்ற பல்கலைக்கழகங்களில் தமிழ் நூல் திரட்டுகள் உண்டு. நூலகப் பிரதிகளின் ஓரம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். யாரும் அதை வைத்துப் பாடியதில்லை. சந்தக் குழிப்பைப் பிழையறச் சரிபார்க்க அவை உதவும். குடும்பப் பிரதிகள் கிழிந்தும் எண்ணெய்க் கறை படிந்தும் இருந்தாலும் ஓரம் முழுக்க எழுத்து. ராகக் குறிப்பின் வரலாறு அங்கேதான் கிடக்கிறது. மூல வரியை ஒன்றிலும் வழக்கை மற்றொன்றிலும் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

மின்வருடிய படிகளை மட்டும் நம்புவோருக்கு ஒரு சிக்கல் உண்டு. நூலை மறுபடி பைண்டு செய்யும்போது தாளின் விளிம்பை வெட்டுவார்கள். வருடும்போது பக்கத்தை எழுத்து அளவுக்குக் கத்தரிப்பார்கள். இரண்டிலும் முதலில் போவது ஓரக்குறிப்பு. ‘தி. திரி’ என்பதில் ‘தி.’ வெட்டுப்பட்டுத் ‘திரி’ மட்டும் மிஞ்சினால், முன்பு சொன்ன வழக்கின்படி பாதகமில்லை. ‘க. சா’ என்பதில் ‘க.’ போய்விட்டால் ஐந்து எண்ணும் கண்ட சாபு, ஏழு எண்ணும் மிச்ர சாபுவாகப் படிக்கப்படும். இதற்கும் மருந்து சந்தம்தான். ‘ஏறுமயிலேறி’ பாடலில் அலகாகத் திரும்பத் திரும்ப வரும் ‘தானதன’ 2+1+1+1, ஐந்து. ஓரத்தில் என்ன மிஞ்சியிருந்தாலும் அங்கே ஏழுக்கு இடமில்லை.

வீட்டில் இத்தகைய பிரதி வைத்திருப்பவர்கள் அதைப் படமெடுக்கும்போது தாளின் நான்கு விளிம்பும் தெரியும்படி எடுக்க வேண்டும். அச்சக விவரம் உள்ள பக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கையெழுத்து யாருடையது, அவர் எந்த ஊரில் யாரிடம் கற்றார், பென்சிலும் பேனாவும் கலந்திருந்தால் எது முந்தியது என்பதை, சொல்லத் தெரிந்த மூத்தவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். தாளத்தை எப்போது வேண்டுமானாலும் பாட்டிலிருந்து மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளலாம். ராகக் குறிப்பின் பின்னால் இருக்கும் பெயரை அப்படி மீட்க முடியாது.